தூத்துக்குடி கடலுக்குக் கணக்கு எழுதுவது யார்? மாவட்டப் புள்ளியியல் கையேடு உருவாகும் கதை

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் எவ்வளவு மீன் பிடிபட்டது? எத்தனை டன் உப்பு விளைந்தது? துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வந்தது? மழை எவ்வளவு? எத்தனை குழந்தைகள் பிறந்தன? இதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் தேடுபவர்கள் கடைசியில் போய் நிற்பது மாவட்டப் புள்ளியியல் கையேட்டில்தான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஆய்வு மாணவர்கள், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதுபவர்கள், செய்தியாளர்கள் என எல்லோரும் இதிலிருந்து எண்களை எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த எண்களில் பெரும்பாலானவற்றைக் கையேட்டை வெளியிடும் அலுவலகம் தானாக எண்ணுவதில்லை. வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு வேலைக்காக எழுதி வைத்த கணக்கு அது. அந்த 'வேறு யாரோ' யார் என்று தெரிந்தால்தான் எண்ணைச் சரியாகப் படிக்க முடியும். 163.5 கிலோமீட்டர் கடற்கரை உள்ள தூத்துக்குடியின் கடல் சார்ந்த அட்டவணைகளை வைத்து இதைப் பார்ப்போம்.

கையேட்டைத் தொகுப்பது யார்?

தமிழக அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை. தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. மாவட்டத்தில் புள்ளியியல் துணை இயக்குநர் அலுவலகமும், அதன் கீழே ஒன்றிய அளவில் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்களும் உண்டு.

வேலை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. எந்தெந்த அட்டவணை, அதில் எந்தெந்தப் பத்தி என்பது பெரும்பாலும் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரிதான். துணை இயக்குநர் அலுவலகம் அந்தப் படிவங்களைப் பிரித்து ஒவ்வொரு துறைக்கும் அனுப்புகிறது. நிரப்பப்பட்ட படிவங்கள் திரும்பி வந்ததும் கூட்டிப் பார்க்கிறார்கள், போன வருஷத்து எண்ணோடு ஒப்பிடுகிறார்கள், சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். எல்லாம் சேர்ந்த பிறகே புத்தகமாகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முப்பது துறைகள் நேரத்துக்குப் பதில் தந்து, ஒரே ஒரு துறை தாமதித்தாலும் புத்தகம் காத்திருக்கும். இல்லையென்றால் அந்த அட்டவணையில் பழைய எண் போகும். ஒரு வருஷத்துக் கையேடு அந்த வருஷம் முடிந்து வெகுநாள் கழித்து வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

யார் எதைக் கொடுக்கிறார்கள்?

- நிலப் பயன்பாடு, பயிர்ப் பரப்பு: கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் கணக்கிலிருந்து
- மழையளவு: மாவட்டம் முழுக்க உள்ள மழைமானி நிலையங்களிலிருந்து
- மக்கள்தொகை: மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு
- பிறப்பு, இறப்பு: பதிவாளர்கள் வழியாகப் பொது சுகாதாரத் துறை
- பள்ளி, மாணவர் எண்ணிக்கை: முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம்
- பதிவு பெற்ற தொழிற்சாலைகள்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்
- வாகனங்கள்: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்
- கடல் மீன், படகு, வலை: மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை
- கப்பல், சரக்கு: வ.உ.சிதம்பரனார் துறைமுகம்
- உப்பு: மத்திய அரசின் உப்பு ஆணையர் அமைப்பு

கடைசி மூன்றையும் கவனியுங்கள். மீன் மாநில அரசின் கணக்கு. துறைமுகமும் உப்பும் மத்திய அரசின் கணக்கு. ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் மூன்று தொழில்களுக்கு மூன்று வெவ்வேறு கணக்குப்பிள்ளைகள்.

மீனை எப்படி எண்ணுகிறார்கள்?

துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு ரசீது உண்டு. வலையில் வரும் மீனுக்குக் கிடையாது. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை ஏராளமான இறங்குதளங்கள். விசைப்படகு, ஃபைபர் படகு, வள்ளம் என்று வகைகள் பல. ஒவ்வொரு படகையும் தினமும் நிறுத்தி எடை போடுவது நடக்காத காரியம். அதனால் மாதிரி எடுத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மாதிரி முறையின் அடிப்படை எளிமையானது. சில இறங்குதளங்கள், சில நாட்கள், சில படகுகளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். அதைக் கொண்டு முழு மாதத்துக்கும் பெருக்குகிறார்கள்.

புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். ஓர் இறங்குதளத்தில் கணக்கெடுக்கப் போன நாளில் 40 ஃபைபர் படகுகள் கரைக்கு வந்தன. அவற்றில் 8 படகுகளின் மீன் அளவு பார்க்கப்பட்டது. எட்டுக்கும் சேர்த்து 960 கிலோ. சராசரி, படகுக்கு 120 கிலோ. 40 படகுக்குப் பெருக்கினால் அன்றைக்கு 4,800 கிலோ. இப்படி அந்த மாதத்தில் ஆறு நாள் பார்த்ததில் சராசரி நாளுக்கு 4,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். படகுகள் கடலுக்குப் போனது 24 நாள் என்றால், மாதத்துக்கு 1,08,000 கிலோ, அதாவது 108 டன்.

இந்த 108 டன்னில் நேரடியாகக் கண்ணால் பார்த்தது மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் பெருக்கல். அது தப்பில்லை, உலகம் முழுக்க மீன் கணக்கு இப்படித்தான் போடப்படுகிறது. ஆனால் பெருக்கலில் எது தப்பினால் எவ்வளவு தப்பும் என்று பாருங்கள். உண்மையில் கடலுக்குப் போனது 24 நாள் இல்லை, காற்று எச்சரிக்கையால் 18 நாள்தான் என்றால், 108 டன் 81 டன்னாக இறங்கிவிடும். ஆறு நாள் வித்தியாசத்தில் கால்வாசி மீன் காணாமல் போகும். எடை போடுவதை விட, 'எத்தனை நாள், எத்தனை படகு' என்பதைச் சரியாக எழுதுவதுதான் இதில் பெரிய வேலை.

இன்னொரு விஷயம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தன் சொந்த மாதிரி முறையில் மீன் அளவை மதிப்பிடுகிறது. அந்த நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதன் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மாநில மீன்வளத் துறை பேசுவது ஏப்ரல் முதல் மார்ச் வரை. தேர்ந்தெடுக்கும் தளங்களும் நாட்களும் வேறு. ஆகவே இரண்டு எண்களும் ஒத்துப்போகாமல் இருப்பதே இயல்பு. ஒரு வருஷத்துக்கு ஒன்றையும் அடுத்த வருஷத்துக்கு மற்றொன்றையும் எடுத்து 'மீன்வளம் சரிந்தது' என்று எழுதினால் மட்டுமே பிரச்சினை.

தடைக்காலம் காட்டிக்கொடுக்கும்

மீன் அட்டவணையைச் சோதிக்கக் கடற்கரையே ஒரு வழி வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மாதவாரி எண்ணில் மே மாதம் விசைப்படகு மீன் மற்ற மாதங்கள் அளவுக்கே இருந்தால், எங்கோ வருஷ மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து நிரப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அதன் மீன் அந்த மாதங்களிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பத்தியில் கலந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

நீண்ட காலப் போக்கைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2016 வரை தடைக்காலம் 45 நாட்கள்தான். 2017 முதல்தான் 61 நாட்கள். 2015-ஐயும் 2019-ஐயும் ஒப்பிடும்போது விசைப்படகுக்கு 16 கடல் நாட்கள் குறைந்திருக்கின்றன. மீன் குறைந்தால் அதற்குக் கடல் மட்டும் காரணம் இல்லை, காலண்டரும் காரணமாக இருக்கலாம்.

மீன் எந்த ஊர்க் கணக்கில் எழுதப்படும் என்பதும் முக்கியம். பிடித்த இடமோ மீனவரின் சொந்த ஊரோ அல்ல, இறக்கிய இடம்தான் கணக்கு. தருவைகுளத்துப் படகு ஆழ்கடலில் பல நாள் தங்கிப் பிடித்து வேறு மாநிலத் துறைமுகத்தில் இறக்கினால், அந்த மீன் தூத்துக்குடி அட்டவணைக்கு வராது. ஆனால் அந்தப் படகு மட்டும் தூத்துக்குடியின் படகு எண்ணிக்கையில் இருக்கும். 'மொத்த மீனைப் படகு எண்ணிக்கையால் வகுத்தேன்' என்று கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

துறைமுக எண்: துல்லியம் அதிகம், ஆனால் யாருடையது?

கையேட்டிலேயே துல்லியமான அட்டவணைகளில் ஒன்று துறைமுகம் தருவது. ஒவ்வொரு கப்பலுக்கும் சரக்குக்கும் கட்டணம் வசூலிக்கப்படுவதால், ஒவ்வொரு டன்னுக்கும் ஆவணம் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் இங்கே கையாளப்பட்ட சரக்கு சுமார் 4.14 கோடி டன்.

ஆனால் இது மாவட்டத்தின் உற்பத்தி அல்ல. இந்தக் கதவு வழியாகப் போன, வந்த சரக்கு மட்டுமே. திருப்பூர் பின்னலாடை கன்டெய்னரில் ஏறி இங்கே வந்து கப்பல் ஏறினால் தூத்துக்குடியின் ஏற்றுமதி எண்ணில் சேரும். அனல் மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரி இறக்குமதி எண்ணில் சேரும். அந்த மின்சாரம் மாநிலத்தின் மின்தொகுப்புக்குப் போகும். 'தூத்துக்குடி மாவட்டம் இவ்வளவு ஏற்றுமதி செய்கிறது' என்ற தலைப்பு கவர்ச்சியாக இருக்கும். அட்டவணை சொல்வது அதை அல்ல.

கன்டெய்னர் எண்ணிலும் ஒரு நுணுக்கம். அதை எண்ணும் அலகு இருபது அடிப் பெட்டி. நாற்பது அடிப் பெட்டி ஒன்று வந்தால் இரண்டு என்று எழுதப்படும். எனவே 'இத்தனை லட்சம் கன்டெய்னர்' என்று படிக்கும்போது, லாரியில் போன பெட்டிகளின் எண்ணிக்கை அதை விடக் குறைவாக இருக்கும்.

பழைய எண்களைத் தேடுபவர்களுக்கு வரலாறும் கொஞ்சம் தேவை. புதிய துறைமுகம் 1974 ஜூலையில் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை தனியாக இயங்கிய பழைய சிறு துறைமுகம் 1979 ஏப்ரல் 1-ல் அதோடு இணைக்கப்பட்டது. 1979-ல் எண் துள்ளினால் அதில் ஒரு பகுதி வளர்ச்சி அல்ல, இணைப்பு. மாவட்டமே 1986 அக்டோபர் 20-ல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய மாவட்ட அட்டவணைகளைத் திருநெல்வேலி பெயரில்தான் தேட வேண்டும். 1986-க்குப் பிறகும் சில வருஷங்கள் 'சிதம்பரனார் மாவட்டம்' என்ற பெயரில்தான் கிடைக்கும்.

ஒரே உப்பு, மூன்று அட்டவணை

உப்பு எடுக்கும் பருவம் தோராயமாகப் பிப்ரவரியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு முடிகிறது. பாத்தியில் வாரிய உப்பு அம்பாரமாகக் குவிக்கப்பட்டு, நல்ல விலை வரும்வரை கிடக்கும். அதனால் ஒரு வருஷம் விளைந்த உப்பும் அதே வருஷம் வெளியே போன உப்பும் ஒரே அளவாக இருக்காது. அட்டவணையின் தலைப்பில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா, 'அனுப்பியது' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை எடுக்கக் கூடாது.

2023 டிசம்பர் வெள்ளம் இதைத் தெளிவாகக் காட்டியது. உப்பளங்கள் மூழ்கின, குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது. அந்த உப்பு ஏற்கெனவே உற்பத்தியில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் சந்தைக்குப் போகவே இல்லை. உற்பத்தி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அளக்காரரின் நஷ்டம் தெரியாது.

கப்பலில் ஏறிய உப்பு துறைமுக அட்டவணையிலும் வரும். அதை அரைத்துப் பொட்டலம் போடும் ஆலை பதிவு பெற்றிருந்தால், தொழிற்சாலை அட்டவணையிலும் ஓர் எண்ணாக நிற்கும். மூன்றும் ஒரே உப்பின் மூன்று நிலைகள். கூட்டக் கூடாது.

95 சென்டிமீட்டரை விழுங்கும் சராசரி

அதே வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் அளவை விட அது அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

மழைமானியை வாசிப்பது காலை 8.30 மணிக்கு. முந்தைய நாள் 8.30-லிருந்து பெய்தது முழுவதும் வாசித்த நாளின் பெயரில் எழுதப்படும். மாவட்ட மழையளவு என்பது எல்லா நிலையங்களின் சராசரி. பிறகு அது பருவவாரியாகத் தொகுக்கப்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு ஒரே எண். அந்த எண்ணுக்குள் டிசம்பர் 17, 18 தேதிகள் கரைந்துவிடும். சராசரியில் தப்பு எதுவும் இல்லை, அதற்குக் கொடுத்த வேலை வெள்ளத்தைக் காட்டுவது அல்ல. எங்கே எப்போது கொட்டியது என்று தெரிய வேண்டுமானால் நிலையவாரி தினசரிப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.

முத்து எங்கே போனது?

'முத்துநகர்' என்ற பெயர் ரயிலிலும் பேருந்திலும் இருக்கிறது. ஆனால் முத்துக்கு அட்டவணையில் வரும்படி எண் எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் கடைசியாக முத்துக் குளித்தல் நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு அரசு அனுமதித்துக் குளிக்கும் அளவுக்குப் பார்களில் சிப்பி பெருகவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது தனிக் கதை.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தக் கரையில் மாதிரி எடுத்து மதிப்பிடும் பழக்கம் முத்திலிருந்தே வந்தது. குளித்தலை அறிவிக்கும் முன் அதிகாரிகள் ஆட்களைக் கடலில் இறக்கி, ஒவ்வொரு பாரிலும் சிப்பி எவ்வளவு, என்ன வயது என்று பார்ப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போடுவார்கள். அந்த மதிப்பை வைத்தே இந்த வருஷம் குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு. கரைக்கு வந்த சிப்பியும் ஆயிரம் ஆயிரமாக எண்ணித்தான் ஏலம் விடப்பட்டது. இன்றைய மீன் மாதிரிக் கணக்கின் மூத்த அண்ணன் அது.

இது அட்டவணை படிப்பவருக்கு ஒரு பாடமும் தருகிறது. ஒரு கட்டத்தில் கோடு போட்டிருந்தால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். அந்தத் தொழில் இங்கே நடக்கவில்லை, நடந்தது ஆனால் அளவு பூஜ்ஜியம், அல்லது விவரம் வந்து சேரவில்லை. முத்துக்கு முதல் அர்த்தம் பொருந்தும். சங்கு குளித்தல் இன்றும் நடக்கிறது. அதற்குக் கோடு இருந்தால் அது மூன்றாவதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே புத்தகம், பல வருஷங்கள்

அட்டையில் ஒரு வருஷம்தான் அச்சாகியிருக்கும். உள்ளே அப்படி இல்லை. பயிர்க் கணக்கு பசலி ஆண்டுப்படி, ஜூலை முதல் ஜூன் வரை. துறைமுகக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிறப்பு, இறப்பு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மக்கள்தொகையோ 2011-ல் எண்ணிய 17,50,176 பேர். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல் 2027-க்குத் தள்ளிப் போனதால், இன்னும் அந்த எண்தான் அதிகாரப்பூர்வம்.

இதன் விளைவு விகிதங்களில் தெரியும். இந்த வருஷத்துப் பிறப்புகளை 2011 மக்கள்தொகையால் வகுத்தால் பிறப்பு விகிதம் தப்பாக வரும். அதோடு பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில். பெரிய மருத்துவமனை உள்ள தூத்துக்குடி மாநகராட்சியில் பிறப்பு அதிகமாகவும், சுற்றியுள்ள ஊராட்சிகளில் குறைவாகவும் தெரியும். தாய் எந்த ஊர் என்பது வேறு விஷயம்.

எல்லைகளும் ஒன்றல்ல. வருவாய்த் துறைக்கு இந்த மாவட்டம் 10 தாலுகா. ஊரக வளர்ச்சித் துறைக்கு 12 ஒன்றியம். 'கோவில்பட்டி' என்று இரண்டு அட்டவணையில் இருந்தால் ஒன்று தாலுகாவாகவும் மற்றொன்று ஒன்றியமாகவும் இருக்கலாம். இரண்டின் பரப்பும் வேறு.

எண்ணை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கையேட்டை மாவட்ட இணையதளமான thoothukudi.nic.in-ல் தேடலாம். ஓர் எண்ணை எடுக்கும்போது முதலில் அட்டவணைக்குக் கீழே 'ஆதாரம்' என்று எழுதியிருக்கும் துறையின் பெயரைப் பாருங்கள். பிறகு எந்த ஆண்டு, எந்த அலகு, எந்த எல்லை என்று பாருங்கள். அடுத்து முந்தைய இரண்டு, மூன்று வருஷத்துக் கையேடுகளில் அதே அட்டவணையைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எண் மாறவே இல்லை என்றால் பழையதையே திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். பத்து மடங்கு துள்ளினால், கிலோவும் குவிண்டாலும் டன்னும் கலந்திருக்கலாம், அல்லது ஒரு பூஜ்ஜியம் கூடியிருக்கலாம். மீனின் மதிப்பை அளவால் வகுத்தால் கிலோ விலை வரும். அது ஏலக்கூடத்து விலைக்குப் பக்கத்திலேயே இல்லை என்றால் இரண்டில் ஒன்று தப்பு.

அப்போதும் சந்தேகம் தீரவில்லையா? கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் கேட்பதை விட, ஆதாரத்தில் பெயர் உள்ள துறையிடம் கேட்பதே வேகமான வழி. கையேட்டில் இருப்பது கூட்டுத்தொகை. படகுவாரி, தளவாரி, மாதவாரிக் கணக்கு அந்தத் துறையின் பதிவேட்டில்தான் இருக்கும்.